நெரிகம்பைத் தபால்காரர் மட்டப்பாதைக்கு மாறியது குறித்து

அனுப்புநர்:
ஆ. ஆறுச்சாமி,
ஆறுச்சாமி மளிகை மற்றும் காலணிக் கடை,
நெரிகம்பை கடைவீதி, ஜெகதளா வழி,
குன்னூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு அஞ்சல் கண்காணிப்பாளர் அவர்கள்,
நீலகிரி கோட்டம், உதகமண்டலம்.

பொருள்: நெரிகம்பை கிளை அஞ்சலகத் தபால்காரர் திரு. சுடலைமணி மீது வந்துள்ள புகார் – அவர் ஊர்வலம் நடத்தவில்லை, குதிகால் வலியால் பாதை மாறினார் என்பதை விசாரித்து அவரைப் பணியில் வைத்திருக்கவும், புதிய பாதையை ஒப்புக்கொள்ளவும் வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊர்த் தபால்காரர் சுடலைமணி, ஐப்பசி மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில், சிலோனிலிருந்து வந்து குடியேறிய இருபது முப்பது பேர் பின்தொடர, அவர்களுடைய காலனிப் பாதையில் கையில் ஒரு காகிதத்தை விரித்து உரக்க வாசித்துக்கொண்டு நடந்தார். வெள்ளைப்பாறை எஸ்டேட்டின் பெரிய கிளார்க் திரு. லெஸ்லி அதை மேலிருந்து பார்த்தார். தபால்காரர் கூட்டம் சேர்த்து ஊர்வலம் போகிறார் என்று எழுதிப் போட்டார். தபாலை எஸ்டேட்டுக்குத் தாமதமாகக் கொண்டுவருகிறார், வழியில் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், சுற்றுகிறார் என்றும் சேர்த்து எழுதினார். அதன்பேரில் பதினைந்து நாளில் விளக்கம் தராவிட்டால் வேலை போகும் என்று சுடலைமணிக்கு நோட்டீஸ் வந்துள்ளது. அவர் விளக்கம் தரவில்லை. தரவும் மாட்டார். ஆகையால் நான் தருகிறேன்.

2. நான் யார் என்று தாங்கள் கேட்கலாம். காரமடைப் பக்கத்திலிருந்து ரப்பர் செருப்பைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து குன்னூர்ச் சந்தையில் விரித்தவன். இன்று சொந்தக் கட்டடத்தில் கடை. எழுத்து வாசனை ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் ஒருவர் கழற்றிப்போட்ட செருப்பைப் பார்த்தால் அவர் எப்படி நடக்கிறார் என்று எனக்குத் தெரியும். தொழில் அப்படி. இந்த மனுவில் என் லாபமும் கொஞ்சம் இருக்கிறது. புதிய பாதையில் என் கடைக்குத் தபால் சீக்கிரம் வருகிறது. இதை நானே முதலில் சொல்லிவிட்டால் பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை.

3. பழைய பாதை இது. அஞ்சலகம் ஹட்டியில், அதாவது படகர் குடியிருப்பில், இருக்கிறது. அங்கிருந்து எதிரே செங்குத்தாகக் கல்படி ஏறினால் மேட்டில் எஸ்டேட் ஆபீஸ். எஸ்டேட் தபாலோடு காலனிக்காரர்களின் தபாலையும் அங்கேயே மேசையில் வைத்துவிடுவார். பிறகு மறுபக்கம் குறுக்கு வழியாகக் கீழே குதித்தாற்போல் இறங்கினால் என் கடை. காலனி மலையின் அடுத்த மடிப்பில் இருக்கிறது. அங்கே அவர் போனதேயில்லை. காலனிக்காரர்களும் வரச் சொன்னதில்லை. சிலோன் தோட்டங்களில் தப்பால்காரன் என்று தோட்டத்தின் ஆளே ஒருவன் பையோடு தபாலாபீசுக்குப் போய் எல்லாக் கடிதத்தையும் வாங்கி வருவானாம். அவை கந்தோருக்கு, அதாவது ஆபீசுக்கு, வந்து சேரும். அங்கிருந்துதான் ஆட்களின் கைக்குப் போகும். இங்கும் அதே வழக்கம் என்று இருந்துவிட்டார்கள். மேசையில் கிடந்த கடிதம் யாராவது ஆபீஸ் பக்கம் வேலையாய்ப் போனால் கிடைக்கும்.

4. ஆடி மாதத்தில்தான் முதலில் வித்தியாசம் பட்டது. சுடலைமணி என் கடைக்கு வந்தால் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து ஒரு டீ குடித்து, குன்னூர் ஏலத்தில் தேயிலை என்ன விலை போயிற்று என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவர். திடீரென்று உட்காருவதை விட்டுவிட்டார். தபாலைக் கொடுத்ததும் நடையைக் கட்டினார். "ஏனுங்க, சோலி கூடிப்போச்சாட்ட இருக்குது, உக்கார மாட்டேங்கறீங்க?" என்று கேட்டேன். "மொதலாளி, ஒக்காந்தா எந்திரிக்கணும்லா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தென்காசிப் பக்கத்து வம்சம். பேச்சில் அந்த வாடை போகவில்லை. அந்தப் பதில் எனக்குப் புரியவில்லை. உட்கார்ந்தவர்கள் எல்லோரும் எழுந்திருக்கத்தானே செய்கிறோம்?

5. பிறகு ஆவணியில் அவர் வடக்கிலிருந்து வருவதற்குப் பதிலாகத் தெற்கிலிருந்து வர ஆரம்பித்தார். மேட்டிலிருந்து இறங்க வேண்டியவர் கீழ் வளைவில் முளைத்தார். நேரமும் மாறிப்போயிற்று. எனக்கு இது உறுத்தலாகிவிட்டது. கோயமுத்தூர்க் கமிஷன் மண்டியிலிருந்து எனக்கு வரும் கடிதங்கள் வேறு கடைக்காரர் கண்ணில் படுகின்றனவோ என்ற சந்தேகம் வந்தது. வியாபாரி என்றால் அப்படித்தான் நினைப்பு போகும். ஒரு மழை விட்ட காலையில், அவர் போன பிறகு, வந்த தடத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன்.

6. ஐயா, அந்தத் தடம் விநோதமாக இருந்தது. சேற்றில் விரல் பக்கம் ஆழமாகவும், சுண்டுவிரல் ஓரம் அதைவிட ஆழமாகவும் பதிந்திருந்தது. குதிகால் பட்டும் படாமலும் ஒரு நிழல்போல இருந்தது. வலது காலில் அதுவும் இல்லை. திருடன் பதுங்கி நடந்தாற்போல் இருந்தது. தடம் மட்டப்பாதையில் போயிற்று. அந்தக் காலத்தில் மாட்டுவண்டிக்காக மலையின் இடுப்பைச் சுற்றி வெட்டிய மண்பாதை அது. ஏற்றமும் இறக்கமும் தெரியாது. சவுக்கிலை விழுந்து மெத்தையாக இருக்கும். சுற்று வழி என்பதால் யாரும் அதில் போவதில்லை. அந்தப் பாதை நேராகக் காலனிக்குள் போய் வெளியே வருகிறது.

7. மறுநாள் அவர் செருப்பைக் கழற்றச் சொன்னேன். தயங்கினார், வலுக்கட்டாயமாகத்தான் வாங்கிப் பார்த்தேன். மெல்லிய ரப்பர் செருப்பு. என் கடையில் வாங்கியதல்ல; ஆனால் என் சரக்கும் அதே ரகம்தான், பெருமை பேச ஒன்றுமில்லை. நல்ல நடைக்காரன் செருப்பில் முதலில் தேய்வது குதிகாலின் வெளி மூலை. இவர் செருப்பில் அந்த இடம் புதிதாக இருந்தது. முன்பக்கமும் சுண்டுவிரல் ஓரமும் காகிதமாகத் தேய்ந்திருந்தன. "குதி நோவுதுங்களா?" என்று கேட்டேன். கடைக்கு வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

8. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "காலைல கட்டில வுட்டு எறங்கி மொத அடி வைக்கேன் பாருங்க, ஆணி அடிச்ச மாதிரி இருக்கும். செவத்தப் புடிச்சுத்தான் வாசலுக்கு வருவேன். கொஞ்சம் நடந்துட்டா தேவல. ஒக்காந்து எந்திரிச்சா மறுபடியும் மொதல்லருந்து." அதாவது ஓய்வு எடுத்தால்தான் வலி. நடந்தால் குறைகிறது, சாயந்தரம் நடை கூடினால் மறுபடி ஏறுகிறது. ஓய்வெடுத்தால் நோவு கூடும் என்று நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. மூட்டைமேல் ஏன் உட்காரவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

9. படியில் என்ன ஆகிறது என்று ஒருமுறை அவரை ஏறச் சொல்லி நானே பின்னால் நின்று பார்த்தேன். அந்தக் கல்படிகள் குறுகல். முன்பாதம் மட்டுமே தங்கும். குதிகால் படிக்கு வெளியே தொங்கும். ஒவ்வொரு படியிலும் உடம்புப் பாரம் குதிகாலைக் கீழே இழுக்கிறது. முதலில் அவர் பக்கவாட்டில் திரும்பி, நண்டுபோல ஏறியிருக்கிறார். பிறகு நுனிக்காலில். குறுக்கு வழியில் இறங்கும்போது நேர்மாறு: எடை முழுக்க 'டம்' என்று குதிகாலில் விழுகிறது. அதற்குப் பயந்து தேயிலைச் செடிகளுக்கு நடுவே பொதுபொதுவென்ற மண்ணில் இறங்கிப் பார்த்திருக்கிறார். எஸ்டேட் வாட்ச்மேன் "இது நடக்கற வழியா?" என்று விரட்டிவிட்டார். கடைசியில்தான் மட்டப்பாதை. யாரையும் பார்க்கவோ கூட்டம் கூட்டவோ அவர் அந்த வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. கால் தேர்ந்தெடுத்தது, அவர் பின்னால் போனார்.

10. வீட்டு வைத்தியம் எல்லாம் நடந்திருக்கிறது. செங்கல்லைச் சுட வைத்து, மேட்டுப்பாளையத்திலிருந்து வரவழைத்த எருக்கிலையைப் பரப்பி, அதன்மேல் குதியை வைப்பது. ராத்திரிக்கு இதமாக இருக்கும். காலையில் ஆணி இருந்த இடத்திலேயே இருக்கும். முள் குத்தியிருக்கிறது என்று ஒருவர் ஊசியால் தோண்டியும் பார்த்தார். நான் அவரைக் குன்னூருக்குக் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் ஜெஸிந்தா அம்மாவிடம் காட்டினேன். அவர் குதிகாலின் அடியில், உள்பக்கமாக ஓர் இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். சுடலைமணி நாற்காலியோடு துள்ளினார். "இதுதான்" என்றார் டாக்டர்.

11. டாக்டர் சொன்னது எனக்குச் சட்டென்று பிடிபட்டது, ஏனெனில் அது என் தொழில் பாஷையில் இருந்தது. குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஒரு வார் ஓடுகிறது. ஓயாமல் மேடு ஏறி இறங்கி, மெல்லிய செருப்பில் கல்லை மிதித்து, அது எலும்பில் பிடித்திருக்கும் இடத்தில் நைந்து போகிறது. தூங்கும்போது கால் தொங்கலாகக் கிடக்கிறது. வார் சுருங்கி இறுகிவிடுகிறது. காலையில் முதல் அடி வைத்ததும் சுருங்கியதை வெடுக்கென்று இழுக்கிறோம். எண்ணெய் காணாத தோல் வாரை இழுத்தால் என்ன ஆகும்? அதேதான். கெண்டைக்கால் சதையும் பின்னாலிருந்து அதே குதியைப் பிடித்து இழுக்கிறது. வலிக்குப் பயந்து நுனிக்காலில் நடந்தால் கெண்டைக்கால் இன்னும் இறுகும். இறுகினால் வலி இன்னும் கூடும். ஓரக்காலில் நடந்தால் அடுத்தது முழங்கால். எங்கள் ஆள் வலியிலிருந்து தப்பிக்கச் செய்த உபாயமே வலியை வளர்த்திருக்கிறது.

12. ஊசி வேண்டாம் என்றுவிட்டார் டாக்டர். கட்டிலைவிட்டு இறங்கும் முன் துண்டை முன்பாதத்தில் மாட்டித் தன் பக்கம் இழுக்க வேண்டும். சுவரில் கையூன்றி, பின்காலின் குதி தரையைவிட்டு எழாமல் சுவரைத் தள்ள வேண்டும். சோடா பாட்டிலைத் தரையில் போட்டுப் பாதத்தால் உருட்ட வேண்டும். வீட்டுக்குள்ளும் வெறுங்காலில் நடக்கக் கூடாது. செங்குத்தான ஏற்ற இறக்கம் கூடாது; மட்டமான மண்ணில் சின்ன அடியாக, குதியை மெல்ல ஊன்றி நடக்கலாம். நடப்பதை நிறுத்த வேண்டியதில்லை. அவசரப்படக் கூடாது, சித்திரை வரை ஆகலாம், ஆனால் சரியாகிவிடும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டை இத்துடன் இணைத்துள்ளேன்.

13. குதிக்கு மெத்தை வைக்கவும் சொன்னார். அது என் பாடு. முதலில் பழைய ஜீப் டயரை வெட்டி வைத்தேன். மறுநாளே வந்து "மொதலாளி, நீங்க எனக்கு வேண்டியவரா, வேண்டாதவரா?" என்று கேட்டார். டயர் தேயாது, அமுங்கவும் அமுங்காது. பிறகு ஸ்பாஞ்சு ரப்பரை அடுக்கி ஒட்டி, ஒரு விரல் கனத்துக்கு உயர்த்தி, நோகும் இடத்துக்கு நேராக ஒரு ரூபாய் நாணயம் அளவு குழி வெட்டினேன். பாரம் குழியைச் சுற்றி நிற்கும், நோவிடத்தில் நிற்காது. குதி உயர்ந்ததால் பின்னால் இழுப்பும் தளர்ந்தது. செருப்பு கழலாமலிருக்க விரலால் கவ்விப் பிடிப்பதும் அந்த வாரைத்தான் இறுக்குகிறது என்பதால், வெலிங்டன் பட்டாள ஏலத்தில் எடுத்த பின்கட்டுள்ள பூட்ஸைக் கொடுத்தேன். இப்போது சேற்றில் அவர் குதித்தடம் முழுதாக விழ ஆரம்பித்திருக்கிறது. வலது கால் இன்னும் பாக்கி.

14. இனி அந்த 'ஊர்வலம்'. மட்டப்பாதையில் முதல் நாள் சுடலைமணி காலனிக்குள் நுழைந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது லயம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஏனென்று அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் கேட்டபோது சிரிப்பாக இருந்தது. சிலோன் தோட்டத்தில் சாதாரணக் கடிதம் கந்தோருக்குத்தான் போகும். லய வாசலுக்கே ஆள் தேடி வந்தால் அது சாவுத் தந்தி. காத்தாயி என்ற அம்மாள் கதவுக்குப் பின்னாலிருந்து, "ஐயா, யாருன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிருங்க, உள்ள வராதீங்க" என்று அழுதிருக்கிறார். "தாயி, ஒரு சீக்கும் இல்ல, ஒம் மக எழுதியிருக்கா" என்று இவர் வெளியே நின்று கத்த, பக்கத்து லயத்துக் கிழவர் தங்கவேலு வந்து உறையின் ஓரத்தில் சாவுக் கறுப்பு தடவியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து, "கறுப்பு இல்ல, தொறங்கடி" என்ற பிறகே கதவு திறந்தது.

15. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வாசிக்கச் சொன்னார்கள். நின்று வாசித்தால் குதியில் பாரம் ஏறுகிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும். ஆகவே நடந்துகொண்டே வாசித்தார். கேட்க வேண்டியவர் கூடவே நடந்தார். அடுத்த கடிதக்காரர் அவர் பின்னால் நடந்தார். கடிதம் இல்லாதவர்களும், அந்தக் கரையில் விட்டுவந்த சனம் யாருடைய காகிதத்திலாவது வருகிறதா என்று கேட்க நடந்தார்கள். அண்ணன் இங்கே, தங்கை அங்கே என்று பிரிந்து கிடக்கிற ஜனங்கள் ஐயா. யாருக்குக் கப்பல் தேதி வந்தது, யார் பெயர் விட்டுப்போயிற்று என்பதெல்லாம் அடுத்தவர் கடிதத்திலிருந்துதான் தெரிகிறது. கோஷம் இல்லை, கொடி இல்லை. "அக்கா, ஒம் மருமவ புளிச்சோறு கேட்டுச்சாம்" என்ற சிரிப்புத்தான் இருந்தது. திரு. லெஸ்லி பார்த்த திங்கட்கிழமை வாசிக்கப்பட்டது காத்தாயியின் மகள் எழுதியது. கைக்குழந்தையோடு மண்டபம் முகாமுக்கு வரும் நாளை எழுதியிருந்தார். அது எஸ்டேட் மேசையில் கிடந்திருந்தால் தாய் போய் எதிர்கொண்டிருக்க முடியாது. மகளும் பேரனும் இப்போது காலனியில் இருக்கிறார்கள், தாங்கள் விசாரிக்கலாம்.

16. விசாரணைக்கு வந்த ஆய்வாளர் தம் கடமையைச் சரியாகவே செய்தார். "ஏன் பாதை மாறினாய்?" என்று கேட்டார். சுடலைமணி வாய் திறக்கவில்லை. கால் நோகிறது என்று சொன்னால், நடக்க முடியாதவன் தபால்காரன் வேலைக்கு லாயக்கில்லை என்று கணக்கு முடிந்துவிடும் என்ற பயம். ஊர்வலம் போனவன் என்ற பெயரைக்கூடத் தாங்கிக்கொள்வாராம். நொண்டி என்ற பெயர் வேண்டாமாம். இந்த மனுவை எழுதவும் அவர் சம்மதிக்கவில்லை. "எங் கால வெளிச்சம் போட்டுக் காட்டாதீங்க" என்றார். டாக்டரின் சீட்டில் 'சரியாகும்' என்ற வரியை நான் படித்துக் காட்டிய பிறகே தலையசைத்தார். அவருக்கு இந்த வேலையை விட்டால் வேறில்லை. வீட்டில் மனைவி பாலாமணியும் பள்ளிக்கூடம் போகும் பெண்களும் இருக்கிறார்கள். ஆகையால் தாங்கள் இதை நோயாளியின் விண்ணப்பமாகப் பார்க்காமல், நோவோடும் ஒரு நாள்கூடத் தபாலை நிறுத்தாதவரின் நடைக் கணக்காகப் பார்க்க வேண்டுகிறேன்.

17. எஸ்டேட்டின் குறையிலும் நியாயம் இருக்கிறது. காலையில் முதலில் வந்த தபால் இப்போது கடைசியில் போகிறது. லாரி ரோடு வழியாக வளைந்து ஏறினால் நேரம் ஆகத்தான் செய்யும். அதனால் திரு. லெஸ்லியை என் கடைக்கு அழைத்து, சுடலைமணியை அவர் கண்முன்னால் நடக்கச் சொன்னேன். பூட்ஸோடு ஒரு நடை, பழைய செருப்போடு ஒரு நடை. இரண்டாவது நடையைப் பாதியிலேயே அவர் நிறுத்தச் சொன்னார். "வாயத் தொறந்து சொல்லித் தொலைக்கறதுதானேய்யா" என்று தபால்காரரைத்தான் திட்டினார். பிறகு எங்களுக்குள் பேச்சு சுலபமாகிவிட்டது.

18. இந்தச் சிக்கலுக்கு வழி சொன்னவர் அன்று கடைக்கு வந்திருந்த கிழவர் தங்கவேலு. அவர் சிலோனில் தோட்டத்துத் தப்பால்காரராக இருந்தவர் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. "எங்க பக்கம் தபால் கந்தோரத் தேடி வராதுங்க. கந்தோர்தான் தபாலத் தேடி ஆள் அனுப்பும்" என்றார். லெஸ்லி சிரித்துவிட்டார். எஸ்டேட்டுக்கென்று பூட்டுப்பை வைத்து, அவர்கள் ஆளே அஞ்சலகத்தில் வாங்கிக்கொள்ள இலாகாவில் விதி இருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அப்படிச் செய்தால் சுடலைமணி அந்தக் கல்படியை மிதிக்கவே வேண்டியதில்லை. எஸ்டேட் தபாலும் முன்னைவிட முந்திப் போகும். சிலோன் வழக்கத்தால் மேசையில் கிடந்த கடிதங்கள், அதே வழக்கத்தால் இன்று வாசலுக்கு வந்துவிட்டன.

19. ஆகவே ஐயா அவர்கள் சுடலைமணிக்கு வந்த நோட்டீஸை ரத்து செய்து, அஞ்சலகம் – மட்டப்பாதை – காலனி – கடைவீதி என்ற வரிசையை அவருடைய பாதையாக எழுத்தில் உத்தரவிட்டு, எஸ்டேட்டின் பூட்டுப்பை விண்ணப்பத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன். தங்கள் ஒப்புதல் கிடைத்தால் நடைமுறைக்கு வரும்படி எங்களுக்குள் முடிவான நிபந்தனைகள்:

பூட்டுப்பைக்கு இலாகா கேட்கும் கட்டணத்தை எஸ்டேட்டே கட்டும்.

பையைச் சுமப்பவர் தங்கவேலு. அவருக்குக் கூலி எஸ்டேட் தரும். காலனிக் கடிதம் எதையும் அவர் அந்தப் பையில் வாங்கி ஆபீஸ் படி ஏற்ற மாட்டார்.

சுடலைமணி வாசித்துக்கொண்டு நடக்கையில் கூட நடப்பவர்கள் எஸ்டேட் எல்லைக்கல் வரை மட்டுமே வருவார்கள். அதை ஊர்வலம் என்று லெஸ்லி எழுத மாட்டார்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,

(ஒப்பம்) ஆ. ஆறுச்சாமி

சாட்சி: லெஸ்லி (ஒப்பம்), தங்கவேலு (ஒப்பம்), காத்தாயி (இடது பெருவிரல் ரேகை)

இடம்: நெரிகம்பை
நாள்: 18-11-1974

பி.கு.: குதி மெத்தை அமுங்கிப் போகும்போதெல்லாம் புதிது வெட்டித் தருவது என் பொறுப்பு. இனாம் என்றால் சுடலைமணி வாங்க மாட்டார் என்பதால் விலை பேசி முடித்திருக்கிறோம்: என் கடைத் தபாலுக்காக அவர் இனி நிற்கவோ உட்காரவோ மாட்டார். நான் கல்லாவைவிட்டு இறங்கி, கடைவீதி முனை வரை அவரோடு நடந்து வாங்கிக்கொள்வேன்.